மணியின் இடது கண்: படம் மறைந்த பின் சொற்களை மட்டும் வைத்து நடந்த ஒரு பரிசோதனை

தை பிறந்து சில நாட்களே ஆகியிருந்த ஒரு மாலையில், பாலக்கோட்டுக்கு அருகே ஒரு தோட்டத்தில், கன்றின் முன்னங்கால் மடங்கிச் சிக்கியிருந்த பசுவுக்குப் பேறு பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது பென்னாகரம் வட்டத்தில் உள்ள ஒரு சிற்றூரிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அனுப்பியவர் எனக்கு முன்பே தெரிந்த ஒரு குடும்பத்தின் மூத்த மகன்; அவர்கள் வளர்க்கும் மணி என்ற நாட்டு நாய்க்கு ஒவ்வோர் ஆண்டும் வெறிநோய்த் தடுப்பூசி போடுவது நான்தான். கையுறையைக் கழற்ற நேரமில்லாததால், பக்கத்தில் நின்ற தோட்டக்காரரைப் படத்தைத் திறந்து பிடிக்கச் சொன்னேன். வெயில் திரையில் பட்டுக் கூசியது. இரண்டு நொடிகூட ஆகியிருக்காது. பசு திமிறியது, அவர் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கயிற்றைப் பிடித்தார்.

கன்றை எடுத்து முடித்து, கை கழுவி, மீண்டும் கைப்பேசியைப் பார்த்தபோது மணி ஆறு. படம் இல்லை. அது ஒரு முறை மட்டும் பார்க்கக்கூடிய வகையில் அனுப்பப்பட்ட படம். திறந்து மூடியதும் போய்விட்டது. அந்த இளைஞரை அழைத்தால், அவர் ஓசூர் ஆலையில் இரவுப் பணிக்காகப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தார். செயலிக்குள்ளேயே படமெடுத்து அனுப்பியதால் அவரிடமும் நகல் இல்லை. வீட்டில் இருந்த ஒரே கேமரா கைப்பேசியும் அவரோடு பேருந்தில் போய்க்கொண்டிருந்தது. வீட்டில் அவருடைய அம்மாவும், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் தங்கையும், கண்புரை அறுவை செய்துகொண்ட பாட்டியும், ஒரு பட்டன் போனும் இருந்தன. ஆகவே மணியின் கண்ணைப் பற்றி இனி நான் அறியவேண்டிய யாவும் காது வழியாகத்தான் வரவேண்டியிருந்தது.

அன்று ஏறத்தாழ 40 நிமிடம் நடந்த அந்த உரையாடலையும் மறுநாள் காலை கண்ணில் கண்டதையும் ஒப்பிட்டு இங்கே பதிவு செய்கிறேன். எந்தச் சொல் சரியான இடத்துக்குக் கொண்டுபோனது, எந்தச் சொல் தடம் மாற்றியது என்பதே இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தடம் மாற்றியவற்றில் முதலாவது, என்னுடைய நினைவு.

நான் பார்த்ததாக நினைத்தது

இரண்டு நொடிப் பார்வையில் என் மனத்தில் நின்றவை மூன்று: கருப்பு நாயின் முகம், கண்ணில் ஏதோ வெண்மை, இரு கண்களின் அருகிலும் ஈரம் போன்ற வெளிர்நிறம். அம்மாவை அழைத்ததும் அவர் சொன்ன முதல் வாக்கியம் இது: “கண்ணுல பூ விழுந்துடுச்சுங்க சார், பீளையா கொட்டுது, காலும் தாங்கித் தாங்கி நடக்குது.”

இந்த வாக்கியம் என் நினைவோடு அப்படியே பொருந்தியது. அதுதான் ஆபத்து. இரு கண்ணிலும் கசிவு, விழியில் மங்கல், கூடவே நொண்டல் என்று ஒருங்கே கேட்டால், நம் பகுதியில் வேலை செய்யும் எந்தக் கால்நடை மருத்துவருக்கும் முதலில் உண்ணிக் காய்ச்சல்தான் நினைவுக்கு வரும். பழுப்பு நிற நாய் உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற கிருமி இரத்த அணுக்களைத் தாக்கும். காய்ச்சல், பசியின்மை, மூட்டு வலியால் நொண்டல், கண்ணுக்குள் அழற்சி, சில நேரங்களில் மூக்கில் இரத்தம் என்று உடலின் பல இடங்களில் ஒரே நேரத்தில் அடையாளம் காட்டும். அந்தத் திசையில் நான் முழுதாகச் சாய்ந்திருந்தால், மறுநாள் இரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்லிவிட்டுப் போனை வைத்திருப்பேன். நாய் அன்றிரவு முழுவதும் கண்ணைத் தரையில் தேய்த்துக்கொண்டிருந்திருக்கும்.

நல்லவேளையாக, காலைப் பற்றி முதலில் கேட்டேன். தமிழில் நொண்டலுக்கு உள்ள சொற்கள் மருத்துவருக்குப் பெரிதும் உதவுபவை. ‘தாங்கி நடக்கிறது’ என்றால் காலை ஊன்றுகிறது, ஆனால் முழு எடையையும் அதன்மேல் போடவில்லை. ‘தூக்கிக்கொண்டே நடக்கிறது’ என்றால் ஊன்றவே இல்லை. முள், எலும்பு முறிவு, மூட்டு நழுவல் ஆகியவற்றை நினைக்க வேண்டும். ‘இழுக்கிறது’ என்றால் பாதத்தின் மேற்புறம் தரையில் உரசுகிறது. நரம்பை நினைக்க வேண்டும். இந்த மூன்றில் எது என்று கேட்டால் ஊர்ப்புறத்தில் யாரும் தடுமாறுவதில்லை. மாட்டைப் பார்த்துப் பழகியவர்கள் அவர்கள். தடுமாற்றம் வருவது ‘எப்போதிலிருந்து’ என்ற கேள்வியில்தான், ஏனென்றால் அதை நாம் கேட்காவிட்டால் அவர்கள் சொல்வதில்லை. அந்த அம்மாவிடம் எந்தக் கால், எப்போதிலிருந்து என்று கேட்டேன். வலது பின்னங்கால், இரண்டு வருடத்துக்கு முன்பு வண்டி மோதியதிலிருந்து பனிக்காலக் காலைகளில் அப்படித்தான் நடக்கும் என்றார். இன்று புதிதாக ஏதாவது வேறுபாடு உண்டா என்றேன். “அதெல்லாம் இல்லைங்க, எப்பவும் போலத்தான்” என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. நாய்க்கு உடம்பு சரியில்லை என்று மருத்துவரிடம் சொல்ல வரும்போது, அதன் உடம்பில் சரியில்லாத எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவது இயல்பு. பழையதையும் புதியதையும் பிரித்துக் கேட்பது கேட்பவரின் வேலை. மதியம் களியும் பாலும் தின்றதா, ஈறு வெளுத்திருக்கிறதா, உடம்பில் உண்ணி தென்படுகிறதா என்று மேலும் மூன்று கேள்விகள் கேட்டேன். மதியம் தின்றது, மாலையில்தான் மறுத்தது. ஈறு எப்போதும் போல் சிவந்திருந்தது. காதோரம் இரண்டு உண்ணிகள் இருந்தன, எங்கள் பக்கத்து நாய்க்கு அது ஒரு பொருட்டே அல்ல. உண்ணிக் காய்ச்சலை முற்றிலும் தள்ளிவிட இவை போதா. ஆனால் அன்றைய மாலைக்கு அதைப் பின்வரிசையில் உட்கார வைக்கப் போதுமானவை.

‘பூ’ எங்கே விழுந்தது?

அடுத்து ‘பூ’. இந்தச் சொல்லைப் போல எனக்கு வேலை வைக்கும் சொல் வேறில்லை. கண்ணில் வெண்மையாக எது தெரிந்தாலும் நம் மக்கள் பூ விழுந்தது என்பார்கள். ஆனால் அந்த வெண்மை கண்ணின் மூன்று வெவ்வேறு ஆழங்களில் இருக்கலாம். கண்ணின் முன்னால் கண்ணாடி போல நிற்கும் கார்னியா என்ற படலத்தில் புண்ணோ தழும்போ ஏற்பட்டு வெளுத்திருக்கலாம். வைக்கோல் குத்திய மாட்டுக்கு வருவது இதுதான். பாவைக்குப் பின்னால் உள்ள லென்ஸ் வெளுத்திருக்கலாம். பாட்டிக்கு வந்த புரை அது. மூன்றாவதாக, மனிதனுக்கு இல்லாமல் நாய்க்கு உள்ள ஒன்று: மூக்கை ஒட்டிய கண் மூலையில் மடிந்திருக்கும் மூன்றாம் இமை. கண்ணில் வலி எடுத்தால் நாய் விழியை உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்போது அந்த இமை மேலேறி விழியின் ஒரு பகுதியை மூடும். பார்ப்பவர்களுக்கு அது வெள்ளையாகவோ இளஞ்சிவப்புச் சதையாகவோ தெரியும். முதலாவது அவசரம், இரண்டாவது பெரும்பாலும் அவசரமில்லை, மூன்றாவது நோயே அல்ல, வலியின் அறிகுறி.

இதைப் பிரித்தறிய, பார்க்கும் கண் ஒன்று எனக்குத் தேவைப்பட்டது. அம்மா போனைப் பிடித்துக்கொள்ள, மகள் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டாள். முதலில் எந்தக் கண் என்று கேட்டேன். “வலது கண்ணு சார்” என்றாள். நாய்க்கு எதிரே உட்கார்ந்து பார்ப்பவர்களில் பாதிப்பேர் தங்கள் வலப்பக்கத்தைத்தான் சொல்வார்கள். நாய் எந்தத் திசையைப் பார்க்கிறதோ அதே திசையைப் பார்த்து அதன் பின்னால் நில், இப்போது சொல் என்றேன். இடது கண் என்றாள். மற்றக் கண்ணில் தண்ணீர், சிவப்பு, பீளை ஏதாவது உண்டா என்று கேட்டபோது, ஒன்றுமே இல்லை, நன்றாக முழித்துப் பார்க்கிறது என்றாள்.

எனக்கு இது வியப்பாக இருந்தது. இரு கண்ணிலும் ஈரத்தை நான் கண்டேன் அல்லவா? அடுத்த ஜனவரி தடுப்பூசிக்குக் காத்திராமல் மறுநாளே விடை தெரிந்தது: மணி ஒரு நாலுகண் நாய். புருவத்துக்கு மேலும் கன்னத்திலும் வெளிர்ப் பழுப்புப் பொட்டுகள் உண்டு. கூசும் வெயிலில் இரண்டு நொடி பார்த்த நான், கன்னத்துப் பொட்டை ஈரமாக எண்ணிக்கொண்டேன். ஆண்டுதோறும் பார்க்கும் நாய்தான். ஆனாலும் மறைந்துபோன படத்தைச் சரிபார்க்க வழியில்லை என்பதால் என் மனம் அதைத் தன் விருப்பப்படி வரைந்து முடித்துவிட்டது. ஒரு கண் மட்டும் என்று ஆனவுடன் வழக்கே மாறிவிட்டது. இரு கண்ணிலும் ஒன்றாக வரும் கசிவு உடல் முழுவதையும் பற்றிய நோயையோ, ஒவ்வாமையையோ, கண்ணீர் வறட்சியையோ சுட்டும். முதல் நாள் வரை நன்றாக இருந்த ஒரு கண்ணில் மட்டும் திடீரென்று வருவது பெரும்பாலும் அந்த இடத்தில் நேர்ந்த ஒன்றைச் சுட்டும்: குத்தல், கீறல், உள்ளே போன பொருள்.

பிறகு டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டிலிருந்து சாய்வாக அடிக்கச் சொன்னேன். நேராக அடித்தால் நாயின் கண் பச்சையாக மின்னும், வேறெதுவும் தெரியாது; வலிக்கிற கண் என்றால் உடனே மூடியும் கொள்ளும். விழியின் மேல் டார்ச்சின் ஒளிப்புள்ளி விழுகிறதே, அது எவர்சில்வர் டம்ளரில் விழுவது போல ஒரே வட்டமாக, கூர்மையாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். முதலில் நல்ல கண்ணில் பார்க்கச் சொன்னது வேண்டுமென்றேதான்; ஒப்பிட ஒன்று இல்லாமல் யாராலும் ‘மங்கல்’ என்பதை அளக்க முடியாது. நல்ல கண்ணில் வட்டமாக இருந்தது. கெட்ட கண்ணைத் திறக்க நாய் இடம் கொடுக்கவில்லை, தானாகத் திறக்கும் நொடிகளில் பார்த்துப் பார்த்து, சில நிமிடங்களுக்குப் பிறகு அவள் சொன்னாள்: “மேல்பக்கம் வட்டமாத்தான் இருக்கு சார். மூக்குப் பக்கம் கீழே வந்தா தண்ணியில ஆடுற விளக்கு மாதிரி உடைஞ்சு உடைஞ்சு தெரியுது. அந்த இடத்துல கொஞ்சம் புகை மாதிரி இருக்கு. மூலையிலேர்ந்து ரோஸ் சதை ஒண்ணு பாதி வரைக்கும் ஏறியிருக்கு.”

எந்த மருத்துவப் பாடமும் படிக்காத ஒரு சிறுமி சொன்ன இந்த நான்கு வாக்கியங்களில் எல்லாம் அடங்கிவிட்டன. ஒளிப்புள்ளி உடைவது, கார்னியாவின் மேற்பரப்பு வழுவழுப்பை இழந்துவிட்டது என்பதைக் காட்டுகிறது. புகை அதே இடத்தில் இருப்பதால் அது ஆழத்தில் உள்ள லென்ஸின் வெண்மை அல்ல, மேற்பரப்பின் வீக்கம். ரோஸ் சதை மூன்றாம் இமை. அம்மா ‘பூ’ என்றது பெரும்பாலும் அந்தச் சதையைத்தான்.

பீளையும் மூடிய கண்ணும்

கசிவைப் பற்றிக் கேட்பதில் ஒரு சங்கடம் இருந்தது: அம்மா மாலை ஐந்து மணிக்கே ஈரத்துணியால் துடைத்துவிட்டார். எல்லோரும் செய்வதுதான். துடைத்த துணி எங்கே என்று கேட்டேன். துவைக்கும் கல்லில் கிடந்தது. அதில் மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டியாக ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். கெட்டியாக இல்லை, தண்ணீரும், நடுவே மூக்குச்சளி போன்ற வெள்ளை நூலும் இருந்ததாகச் சொன்னார்கள்.

‘பீளை’ என்ற சொல்லும் ‘பூ’ போலவே அகலமானது. காலையில் கண் மூலையில் காய்ந்திருக்கும் பழுப்புப் பொருக்கும் பீளைதான், நல்ல நாய்க்கும் அது உண்டு. தெளிந்த தண்ணீர் வழிவது பெரும்பாலும் உறுத்தலையோ வலியையோ காட்டும். வெண்ணிற நூலாக வருவது உறுத்தல் நீடிப்பதைக் காட்டும். கெட்டியான மஞ்சள் அல்லது பச்சை, கிருமித் தொற்றையோ கண்ணீர் குறைந்த கண்ணையோ காட்டும். கண்ணீர் குறைந்த கண்ணில் அது விழியின் மேலேயே பசை போல ஒட்டிக்கொண்டிருக்கும், விழியும் பளபளப்பின்றி இருக்கும். நிறத்தை மட்டும் கேட்டால் போதாது, எவ்வளவு விரைவில் மீண்டும் வருகிறது என்பதையும் அறிய வேண்டும். அதனால் கொதித்து ஆறிய நீரில் நனைத்த சுத்தமான துணியால் கன்னத்தை மட்டும் துடைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டு, 20 நிமிடம் கழித்துச் சொல்லுங்கள் என்றேன். இருபது நிமிடத்தில் கண்ணுக்குக் கீழே இரண்டு விரல் அகலத்துக்கு மயிர் மீண்டும் நனைந்திருந்தது. ‘நிறைய வருகிறது’ என்பதைவிட இந்த இரண்டு விரல் அகலம் எனக்குப் பயன்பட்டது. மறுநாள் காலையில் அது கூடியதா குறைந்ததா என்று கேட்கவும் முடியும்.

இடையில் கேட்ட ஒரு கேள்விதான் இந்த நிகழ்வின் மையம் என்று இப்போது நினைக்கிறேன். நாய் தன்பாட்டில் படுத்திருக்கும்போது அந்தக் கண்ணை எப்படி வைத்துக்கொள்கிறது? முழுதும் இறுக மூடியே இருக்கிறது, வெளிச்சத்துக்கு வந்தால் இன்னும் இறுக்குகிறது, அவ்வப்போது முகத்தைச் சாக்கில் தேய்க்கிறது என்றார்கள். சிவப்பும் கசிவும் சாதாரணக் கண் அழற்சியிலும் உண்டு; ஆனால் அப்படிப்பட்ட நாய் பொதுவாகக் கண்ணைத் திறந்து வைத்திருக்கும். இறுக மூடிக்கொள்வது கார்னியா வலிக்கிறது என்பதன் வலுவான அடையாளம். ஆனால் மாலையில் வந்த படத்தில் கண் திறந்துதானே இருந்தது? அண்ணன் எப்படிப் படமெடுத்தான் என்று கேட்டேன். “கட்டைவிரலால இமையைப் பிரிச்சுப் பிடிச்சுக்கிட்டு எடுத்தான் சார்” என்றாள். எனக்குக் கண் நன்றாகத் தெரியவேண்டும் என்ற நல்லெண்ணத்தில், எனக்கு வேண்டிய முதன்மை அடையாளத்தையே அவர் விரலால் அழித்துவிட்டார். படம் மறையாமல் இருந்திருந்தாலும் இதை அது எனக்குச் சொல்லியிருக்காது.

பாட்டியின் சொட்டு மருந்து

கடைசியாக, கண்ணில் ஏதாவது விட்டீர்களா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பின்பு அம்மா, நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து விடலாம் என்று பறித்து வைத்திருப்பதாகவும் இன்னும் விடவில்லை என்றும் சொன்னார். மனிதக் கண்ணுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுவது அது; ஆனால் மேற்பரப்பு உடைந்த விழியில் காய்ச்சாத, வடிகட்டாத எந்தச் சாற்றையும் விடக்கூடாது என்று கேட்டுக்கொண்டேன். வேறெதுவும் இல்லையா என்று மறுபடி கேட்டபோது மகள் மெல்லச் சொன்னாள்: பாட்டிக்குக் கண் அறுவைக்குப் பின் கொடுத்த சொட்டு மருந்தை மூன்று மணிக்கு ஒரு சொட்டு விட்டார்களாம்.

புட்டியைக் கொண்டுவரச் சொல்லி, பெரிய எழுத்தில் உள்ள பெயரை விட்டுவிட்டு, அடியில் சிறிய எழுத்தில் உள்ள சேர்மானத்தை எழுத்து எழுத்தாகப் படிக்கச் சொன்னேன். டெக்சாமெத்தசோன் என்று வந்தது, அது ஸ்டீராய்டு. புரை அறுவைக்குப் பின் வரும் அழற்சியைத் தணிக்க மனிதருக்குத் தருவது முறைதான். ஆனால் கார்னியாவில் புண் இருக்கும் கண்ணில் அதை விட்டால் புண் ஆறுவது தடைபடும். தொற்றை எதிர்க்கும் சக்தி குறையும். படலத்தைக் கரைக்கும் நொதிகள் ஓங்கி, மேலோட்டமான புண் சில நாட்களில் ஆழமாகி விழியையே துளைத்துவிடக்கூடும். அதிலும் கொடுமை, சிவப்பும் வலியும் சற்றுத் தணிவதால் குணமாகிறது என்றே வீட்டார் நம்புவார்கள். ஒரு சொட்டோடு நின்றது நல்லது. மீதியைத் தொடக்கூடாது என்றேன். வலிக்கு வீட்டில் உள்ள மனிதர் மாத்திரைகளைக் கொடுக்கக்கூடாது என்றும் சொன்னேன். ஐபுப்ரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

அன்றிரவே வரவேண்டுமா, காலையில் வந்தால் போதுமா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. கார்னியாப் புண் என்ற ஐயம் இருந்தால் அன்றே பார்ப்பதுதான் சரி. ஆனால் அவர்களிடம் வண்டி இல்லை; நாயை ஏற்றும் ஆட்டோவும் அந்த நேரத்தில் அந்த ஊரில் கிடைக்காது. இவற்றை வைத்துக் காலை எட்டு மணி வரை பொறுக்கலாம் என்று முடிவு செய்தேன். அது ஒரு சமரசம்தான். விழி வெளியே பிதுங்கினாலோ, இரத்தம் தெரிந்தாலோ, புகை இருந்த இடத்தில் ஜெல்லி போல உப்பினாலோ, திடீரென்று கண்ணிலிருந்து ஒரு வீச்சாகத் தண்ணீர் பாய்ந்தாலோ எந்த நேரமானாலும் என்னை அழைக்கச் சொன்னேன். அதுவரை மருந்துக்கடையில் கிடைக்கும் 0.9 சதவீத உப்பு நீரால், புட்டியை அழுத்தாமல் சொட்டுச் சொட்டாகக் கண்ணை நனைக்கலாம். பழைய பிளாஸ்டிக் வாளியின் அடியை அறுத்துக் கழுத்தில் மாட்டிவிட்டால் சாக்கில் தேய்ப்பதைத் தடுக்கலாம். அதை அந்தச் சிறுமி அரை மணியில் செய்துவிட்டாள். விளிம்பு கழுத்தை அறுக்காமலிருக்கப் பழைய துணியையும் சுற்றியிருந்தாள்.

மறுநாள் கண்டது

காலையில் இடது கண் இறுக மூடியிருந்தது. வலி மரக்கும் சொட்டு மருந்தை விட்ட ஒரு நிமிடத்தில் மணி கண்ணைத் திறந்தான். ஒளிரும் சாயத் தாளை நனைத்துக் கண்ணில் தொட்டுக் கழுவி, நீல விளக்கில் பார்த்தபோது, மூக்குப் பக்கம் கீழே, அவள் சொன்ன அதே இடத்தில், ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் அகலத்துக்குப் பச்சை பிடித்தது. மேல்தோல் உரிந்த இடத்தில் மட்டுமே அந்தச் சாயம் பிடிக்கும். புண் ஆழமாக இல்லை.

புண் மட்டும் இருந்தால் வேலை முடிந்திருக்கும். ஆனால் அது ஏன் அங்கே வந்தது என்ற கேள்வி இருந்தது. மூன்றாம் இமையை மழுங்கிய இடுக்கியால் பிடித்துத் தூக்கி அதன் பின்புறத்தைப் பார்த்தேன். சளி நூலுக்குள் புதைந்து, ஊசிப்புல்லின் விதை ஒன்று கிடந்தது. மழை ஓய்ந்து மலையடிவாரப் புல் காய்ந்து நிற்கும் பருவத்தில் இது ஆடுகளின் தோலிலும் நாயின் விரலிடுக்கிலும் நான் வழக்கமாக எடுப்பதுதான். அதன் முனை ஊசி போன்றது. முனையைச் சுற்றியுள்ள சுணைகள் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் முன்னே போகும், பின்னே வராது. நீண்ட வால் ஈரம் பட்டால் முறுக்கு அவிழ்ந்து, காய்ந்தால் மீண்டும் முறுக்கிக்கொண்டு, விதையைத் திருகித் திருகி உள்ளே செலுத்தும். வால் ஒடிந்திருந்தது, அதனால்தான் வெளியே யாருக்கும் தெரியவில்லை. அது இமைக்கும் விழிக்கும் நடுவே இருந்துகொண்டு, ஒவ்வொரு சிமிட்டலுக்கும் அதே இடத்தை உரசியிருக்கிறது. அதை எடுத்து உப்பு நீரால் கழுவினேன்.

டோப்ராமைசின் சொட்டு நாளைக்கு நான்கு வேளையும், வலி தணிய 1 சதவீத அட்ரோபின் முதல் இரண்டு நாளும் விடச் சொன்னேன். இரண்டுக்கும் நடுவே ஐந்து நிமிட இடைவெளி விடவேண்டும், இல்லையென்றால் பின்னது முன்னதைக் கழுவிவிடும். அட்ரோபின் கசப்பு தொண்டைக்கு இறங்கி நுரை தள்ளினால் பயப்பட வேண்டாம் என்றும் சொல்லி வைத்தேன். உண்ணிக் காய்ச்சலுக்கான இரத்தப் பரிசோதனை தேவைப்படவில்லை.

தொலைபேசியில் எனக்குக் கிட்டாமல் போனது ஒன்று உண்டு. இரு பாவைகளும் ஒரே அளவா என்று அன்று மாலை கேட்டிருந்தேன். கரும்பழுப்புக் கண்ணில் தெரியவில்லை என்றாள், நானும் வற்புறுத்தவில்லை. காலையில் இடது பாவை சுருங்கியிருந்தது. வலி கண்ணின் உள்ளேயும் எட்டியிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். முந்தைய மாலையே அது தெரிந்திருந்தால், எப்படியாவது அன்றிரவே வரச் சொல்லியிருப்பேன். அந்தக் கேள்விக்கு நல்ல கேமரா வேண்டும், அல்லது பழகிய கண் வேண்டும். பட்டன் போனில் கேட்டுப் பெறக்கூடியதல்ல.

மூன்றாம் நாள் வர இயலாததால், அந்தச் சிறுமி நோட்டுத்தாளில் எழுதி வைத்துக்கொண்டு போனில் படித்தாள். அதைக் கேட்டு அப்படியே எழுதிக்கொண்டேன்: “நாயின் இடது கண் மட்டும். காலை ஏழு மணிக்குத் துடைத்தேன், ஏழு இருபதுக்கு ஒரு விரல் அகலம்கூட நனையவில்லை. தண்ணீர் மட்டும், நூல் இல்லை. படுத்திருக்கும்போது கண் திறந்திருக்கிறது, வெயிலில் மட்டும் மூடுகிறது. ரோஸ் சதை மூலைக்குப் போய்விட்டது. டார்ச் வட்டம் இன்னும் கீழே கொஞ்சம் உடைகிறது. கால் எப்போதும் போல.” வெயிலில் கூசுவது அட்ரோபின் பாவையை விரித்து வைத்திருப்பதால். மற்றவை எல்லாம் ஆறும் புண்ணின் வரிசையில் இருந்தன. மருந்தை மாற்றவில்லை.

எட்டாம் நாள் சாயம் எங்கும் பிடிக்கவில்லை. வாளியைக் கழற்றினோம். புண் இருந்த இடத்தில் மிளகில் பாதி அளவுக்கு மெல்லிய வெண்தடம் நின்றுவிட்டது. பாவைக்கு நேரே இல்லாததால் பார்வையை மறைக்காது. அம்மா குனிந்து பார்த்து, “அப்ப பூ இருக்குதுங்களே சார்” என்றார். இருக்கிறது அம்மா என்றேன்.